டெப்ட் ஃபண்ட் லாபத்துக்கு எவ்வளவு வரி? வாங்கிய தேதியை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி

டெப்ட் ஃபண்டுக்கு இப்போ என்னதான் வரி? ஒருத்தர் ஸ்லாப்படிங்கிறார், இன்னொருத்தர் 12.5 சதவீதம்ங்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வேறு வேறு யூனிட்டுகளைப் பற்றிச் சொல்கிறார்கள். 2023 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய யூனிட் என்றால் இன்றைக்கு விற்கும்போது லாபத்தில் 12.5 சதவீதம். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ வாங்கியது என்றால் லாபம் முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, நீங்கள் எந்த ஸ்லாப்பில் இருக்கிறீர்களோ அந்த விகிதத்தில் வரி. ஒரே ஃபண்டில் இரண்டு வகை யூனிட்டும் உங்களிடம் இருக்கலாம். 2021-ல் எஸ்ஐபி ஆரம்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் இருக்கும். அதனால் "என் ஃபண்டுக்கு என்ன வரி" என்று கேட்டால் பதில் வராது, "இந்த யூனிட்டுக்கு என்ன வரி" என்று கேட்டால்தான் வரும்.

அஞ்சு வருஷம் வச்சிருந்தா கூட ஸ்லாப் வரியா? நீண்டகாலம் கிடையாதா?

கிடையாது. 2023 நிதிச் சட்டத்தில் 50ஏஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய டெப்ட் ஃபண்ட் யூனிட்டை ஒரு மாதம் வைத்திருந்தாலும் பத்து வருடம் வைத்திருந்தாலும், அதில் வரும் லாபத்தைக் குறுகியகால ஆதாயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. வைத்திருந்த காலத்துக்கு இங்கே வேலையே இல்லை.

வங்கி வைப்புத்தொகைக்கும் இதற்கும் அப்புறம் என்ன வித்தியாசம் என்றால், வரி விகிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, வரி கட்டும் நேரத்தில்தான். வைப்புத்தொகை வட்டிக்கு வருடா வருடம் வரி கட்டுவதுதான் பெரும்பாலானோர் வழக்கம். லாபத்தைப் பிரித்துத் தராமல் ஃபண்டுக்குள்ளேயே வைத்திருக்கும் க்ரோத் திட்டத்தில் விற்கிற வருடத்தில்தான் கட்ட வேண்டும், அதுவும் விற்ற பகுதியின் லாபத்துக்கு மட்டும். வேலையில் இருக்கும்போது 30 சதவீத ஸ்லாப்பில் இருந்தவர் ஓய்வுபெற்ற பிறகு விற்றால், அந்தத் தள்ளிப்போட்ட வரி நிஜமாகவே குறைந்துவிடும்.

பழைய யூனிட்டுக்கு எத்தனை மாசம் வச்சிருக்கணும்? 36-ன்னு படிச்சேன், 24-ன்னும் படிச்சேன்.

இணையத்தில் இருக்கும் பாதிக் கட்டுரைகளில் தேதி போடாததால் வரும் குழப்பம் இது. 2024 ஜூலை 22 வரை விற்றவர்களுக்கு 36 மாதக் கணக்கு. அதைத் தாண்டி வைத்திருந்தால், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் இண்டெக்சேஷனோடு 20 சதவீதம், தாண்டாவிட்டால் ஸ்லாப். 2024 ஜூலை 23 அன்று வந்த பட்ஜெட் இதை மாற்றியது. அன்றிலிருந்து விற்பவற்றுக்கு 24 மாதம் தாண்டினால் போதும், ஆனால் இண்டெக்சேஷன் போய்விட்டது, விகிதம் 12.5 சதவீதம். சந்தையில் பட்டியலிட்ட இடிஎஃப் மாதிரி யூனிட்டுகளுக்கு 12 மாதமே போதும்.

இன்றைக்கு விற்பவர் இந்த மாதக் கணக்கைப் பார்க்கவே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. "பழைய" யூனிட்டில் கடைசியாக வாங்கியது 2023 மார்ச் 31. அதற்கும் 2025 மார்ச் இறுதியோடு 24 மாதம் முடிந்துவிட்டது. ஆகவே அதற்குப் பிறகு விற்கும் பழைய யூனிட் எதுவானாலும் தானாகவே நீண்டகாலம். 2023 ஏப்ரல் 1 என்ற ஒற்றைத் தேதியை வைத்தே பிரித்துவிடலாம். 36, 24 எல்லாம் 2025 மார்ச் 31-க்குள் விற்றுவிட்டு, அந்த வருடக் கணக்கை இன்னும் சரிபார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும்தான்.

ஒரே ஃபோலியோல 2019, 2022, 2023-ன்னு மூணு தடவை போட்டிருக்கேன். இப்போ கொஞ்சம் எடுத்தா எந்தப் பணம் வந்ததா கணக்கு?

முதலில் வந்தது முதலில் போகும். நீங்கள் மனதில் 2023-ல் போட்ட பணத்தை எடுப்பதாக நினைத்திருக்கலாம், கணக்கில் 2019 யூனிட்தான் முதலில் கழியும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். எண்கள் கற்பனைதான், கணக்கு எளிதாக வரட்டும் என்று முழு எண்களாக எடுத்திருக்கிறேன்.

ஒரு கார்ப்பரேட் பாண்ட் ஃபண்ட், க்ரோத் திட்டம். 2019 ஜூன் 10 அன்று 2,00,000 ரூபாய் போட்டார், அன்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, 20 ரூபாய், கிடைத்தது 10,000 யூனிட். 2022 மார்ச் 15 அன்று 1,50,000 ரூபாய், என்ஏவி 25, 6,000 யூனிட். 2023 செப்டம்பர் 5 அன்று 1,40,000 ரூபாய், என்ஏவி 28, 5,000 யூனிட். ஆக மொத்தம் 21,000 யூனிட். 2025 ஆகஸ்ட் 12 அன்று என்ஏவி 32 இருக்கும்போது 18,000 யூனிட்டை விற்கிறார், கையில் வருவது 5,76,000 ரூபாய்.

இந்த 18,000-ஐ வரிசைப்படி உடைக்க வேண்டும். முதலில் 2019-ன் 10,000 யூனிட் முழுவதும் போகிறது: விற்ற விலை 3,20,000, வாங்கிய விலை 2,00,000, லாபம் 1,20,000. அடுத்து 2022-ன் 6,000 யூனிட்: 1,92,000-லிருந்து 1,50,000 போக லாபம் 42,000. இன்னும் 2,000 யூனிட் வேண்டும், அது 2023 செப்டம்பர் யூனிட்டிலிருந்து வருகிறது: 64,000-லிருந்து 56,000 போக லாபம் 8,000.

முதல் இரண்டும் 2023 ஏப்ரலுக்கு முந்தையவை, ஆகவே 1,62,000 ரூபாய் நீண்டகால ஆதாயம். அதில் 12.5 சதவீதம் 20,250, அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 21,060. மூன்றாவது 8,000 ரூபாய் ஸ்லாப்புக்குப் போகிறது. அவர் 30 சதவீத ஸ்லாப்பில் இருந்தால் 2,400, செஸ்ஸோடு 2,496. இரண்டும் சேர்த்து 23,556 ரூபாய். மிச்சம் இருக்கும் 3,000 யூனிட்டும் புதியவை, அவற்றை 2035-ல் விற்றாலும் இப்போதைய சட்டப்படி ஸ்லாப்தான்.

மொத்தப் பணத்துக்குச் சராசரி விலை போட்டுக் கணக்குப் பார்ப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இதே உதாரணத்தில் சராசரி விலை 23.33 ரூபாய் வரும், லாபம் 1,56,000 ரூபாய்தான் காட்டும், அதில் எது பழையது எது புதியது என்று பிரிக்கவும் முடியாது. செயலிகளில் முதல் பக்கத்தில் காட்டும் சராசரி விலையை வரிக் கணக்குக்கு எடுக்காதீர்கள்.

எஸ்ஐபில ஒவ்வொரு மாசத்தையும் இப்படித் தனித்தனியா பார்க்கணுமா?

ஆமாம், ஒவ்வொரு தவணையும் ஒரு தனிக் கொள்முதல், தனித் தேதி, தனி விலை. நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. கேம்ஸ், கேஃபின்டெக் என்ற இரண்டு பதிவாளர்களிடம்தான் எல்லா ஃபண்ட் நிறுவனங்களின் கணக்கும் இருக்கிறது, அவர்கள் தளத்தில் நிதியாண்டைக் கொடுத்தால் மூலதன ஆதாய அறிக்கை மின்னஞ்சலுக்கு வரும். அதில் விற்ற ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அது எந்தத் தேதியில் வாங்கியது என்று இருக்கும். அந்தத் தேதி வரிசையில் 2023 மார்ச்சுக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தேதி என்று நான் சொல்வது யூனிட் ஒதுக்கப்பட்ட தேதி, வங்கியில் பணம் கழிந்த தேதி அல்ல. பெரும்பாலும் இரண்டும் ஓரிரு நாள் இடைவெளியில் இருக்கும், அதனால் கவலையில்லை. 2023 மார்ச் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகப் போட்டவர்கள் மட்டும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மார்ச் 31-ல் வங்கியிலிருந்து பணம் போய், ஏப்ரலில் யூனிட் கிடைத்திருந்தால் அது புதிய யூனிட்தான்.

2018-ல வாங்கினதை 2023 ஜூன்ல ரெகுலர்ல இருந்து டைரக்ட்டுக்கு மாத்தினேன். ஃபண்டு அதேதானே, பழைய தேதி நிக்குமா?

நிற்காது. அதே ஃபண்டாக இருந்தாலும் ஸ்விட்ச் என்பது விற்று வாங்கியதற்குச் சமம். அன்றைக்கே ஒரு லாபம் வந்துவிட்டது, 2018-ல் வாங்கியதால் 36 மாதம் தாண்டியிருக்கும், ஆக இண்டெக்சேஷனோடு 20 சதவீத வரி அந்த வருடக் கணக்கில் வந்திருக்க வேண்டும். பணம் கைக்கு வராததால் பலர் இதை வருமான வரிப் படிவத்தில் காட்டவே இல்லை. புதிதாகக் கிடைத்த டைரக்ட் யூனிட்டுக்கு வாங்கிய தேதி 2023 ஜூன், இனி ஸ்லாப்.

க்ரோத் திட்டத்திலிருந்து ஈவுத்தொகைத் திட்டத்துக்கு மாறினாலும், டெப்ட் ஃபண்டிலிருந்து மாதா மாதம் ஈக்விட்டி ஃபண்டுக்குப் பணத்தை நகர்த்தும் எஸ்டிபி வைத்திருந்தாலும் இதே கதைதான், ஒவ்வொரு நகர்த்தலும் ஒரு விற்பனை. பழைய யூனிட் வைத்திருப்பவர்கள் கமிஷன் மிச்சமாகும் என்று சொல்லி அதை மாற்றுவதற்கு முன்னால், அதோடு 12.5 சதவீத அந்தஸ்தும் போகிறது என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து விற்பனையாளர்கள் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஃபண்ட் நிறுவனமே இரண்டு திட்டங்களை ஒன்றாக இணைத்தால் அது வேறு. அப்படி இணையும்போது வரி இல்லை, பழைய விலையும் பழைய யூனிட் வைத்திருந்த காலமும் தொடரும். தரகரை மாற்றுவதும், யூனிட்டை டீமேட்டுக்கு மாற்றுவதும் விற்பனை அல்ல. ஆனால் மாற்றிய பிறகு சில செயலிகளில் வாங்கிய விலை பூஜ்யமாகவோ, தேதி மாற்றிய நாளாகவோ தெரியும். அதை நம்பாமல் பழைய கணக்கறிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

12.5 சதவீதம்தான் எல்லாருக்கும் லாபம், பழைய யூனிட்டை முதல்ல வித்துடறது நல்லதுதானே?

30 சதவீத ஸ்லாப்பில் இருப்பவருக்குச் சரி. வருமானம் குறைவாக இருப்பவருக்குத் தலைகீழாகப் போகலாம், இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

மேலே போட்ட கணக்கில் இருப்பவர் ஓய்வுபெற்றவர், 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை என்று வைத்துக்கொள்வோம். மற்ற வருமானமும் அந்த 8,000 ரூபாயும் சேர்த்து 3,00,000 ரூபாய். புதிய முறையில் முதல் 4,00,000 ரூபாய்க்கு வரி இல்லை, அவருக்கு அதில் 1,00,000 ரூபாய் இடம் மிச்சம் இருக்கிறது. இந்தியாவில் வசிப்பவர் என்பதால் அந்த இடத்தில் நீண்டகால ஆதாயத்தைப் பொருத்திக்கொள்ளலாம். 1,62,000-ல் ஒரு லட்சம் அப்படிப் போக, மிச்சம் 62,000-க்கு 12.5 சதவீதம் 7,750, செஸ்ஸோடு 8,060 ரூபாய் கட்ட வேண்டும்.

இதே 1,62,000 ரூபாய் லாபம் புதிய யூனிட்டில் வந்திருந்தால்? மொத்த வருமானம் 4,62,000, நான்கு லட்சத்துக்கு மேல் உள்ள 62,000-க்கு 5 சதவீதம் 3,100 ரூபாய். ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் 87ஏ தள்ளுபடி அதை முழுவதும் அடித்துவிடும், கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. இந்தத் தள்ளுபடி ஸ்லாப்படி வரும் வரிக்கு மட்டும்தான். 12.5 சதவீதம் மாதிரி தனி விகிதத்தில் வரும் வரிக்குப் புதிய முறையில் கிடைக்காது என்று 2025 நிதிச் சட்டத்தில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். 50ஏஏ லாபத்துக்குத் தனி விகிதம் இல்லை, அது சாதாரண ஸ்லாப் வரி, ஆகவே கிடைக்கிறது. எல்லோரும் திட்டித் தீர்த்த 2023 மாற்றம், 12 லட்சத்துக்குள் வருமானம் இருப்பவருக்கு இப்போது நல்லதாகத் திரும்பியிருக்கிறது.

அப்போ எந்த யூனிட்டை விற்கிறதுன்னு நானே தேர்ந்தெடுக்க வழி இருக்கா?

ஒரே ஃபோலியோவுக்குள் இல்லை. ஆனால் டீமேட்டில் இல்லாத யூனிட்டுகளுக்கு, பதிவாளர்கள் வரிசைக் கணக்கை ஃபோலியோ வாரியாகத்தான் போடுகிறார்கள். பழைய யூனிட் இருக்கும் ஃபோலியோவில் மேற்கொண்டு பணம் போடாமல், புதிய பணத்துக்குப் புதிய ஃபோலியோ எண் வாங்கிக்கொண்டால், பிறகு எந்த ஃபோலியோவிலிருந்து எடுப்பது என்பது உங்கள் கையில். 12 லட்சத்துக்குள் இருக்கும் வருடத்தில் புதியதிலிருந்து எடுக்கலாம், வருமானம் ஏறிய வருடத்தில் பழையதிலிருந்து. பணம் போடும்போது பல செயலிகள் தானாகவே பழைய ஃபோலியோவை நிரப்பிவிடும், அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். டீமேட்டில் வைத்திருந்தால் அந்த டீமேட் கணக்குக்குள் அதே ஃபண்டின் எல்லா யூனிட்டும் ஒரே வரிசை.

மாசாமாசம் எஸ்டபிள்யூபி-ல 10,000 எடுக்கிறேன். 10,000-க்கும் வரியா?

இல்லை, அதில் இருக்கும் லாபத் துண்டுக்கு மட்டும். மேலே சொன்ன ஃபண்டிலேயே என்ஏவி 32 இருக்கும்போது 10,000 ரூபாய் எடுத்தால் 312.5 யூனிட் போகும். அவை 2019 யூனிட்டுகள், வாங்கிய விலை 20, ஆகவே 6,250 ரூபாய் உங்கள் சொந்தப் பணம், 3,750 ரூபாய் லாபம். இப்படியே எடுத்துக்கொண்டு போனால் 2019 யூனிட் தீர்ந்து 2022-க்கு வரும்போது லாபத் துண்டு சுருங்கும், 2023 செப்டம்பர் யூனிட்டைத் தொடும் மாதத்தில் வரி விகிதமே மாறும். வங்கிக் கணக்கில் மாதா மாதம் அதே 10,000 வருவதால் இந்த மாற்றம் கண்ணில் படாது, ஆண்டு அறிக்கையில்தான் தெரியும்.

ஈக்விட்டி ஃபண்ட் மாதிரி 1.25 லட்சம் வரை வரி இல்லைன்னு கழிச்சுக்கலாமா?

முடியாது. அது 112ஏ பிரிவில் வரும் பங்குகளுக்கும் ஈக்விட்டி ஃபண்டுகளுக்கும் மட்டும். டெப்ட் ஃபண்டின் நீண்டகால ஆதாயம் 112-ல் வருகிறது, முதல் ரூபாயிலிருந்தே 12.5 சதவீதம்.

நஷ்டம் வந்தா?

புதிய யூனிட்டில் வந்த நஷ்டம் குறுகியகால நஷ்டம், அதைக் குறுகியகாலம், நீண்டகாலம் இரண்டு ஆதாயத்திலும் கழிக்கலாம். பழைய யூனிட்டில் வந்தது நீண்டகால நஷ்டம், நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழியும். சம்பளத்திலோ வட்டியிலோ இரண்டையும் கழிக்க முடியாது. கழிந்தது போக மீதியை எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் அந்த வருடப் படிவத்தைக் கெடு தேதிக்குள் கொடுத்திருக்க வேண்டும்.

கோல்ட் ஃபண்ட், ஹைபிரிட் ஃபண்ட் எல்லாம் இதுல சேருமா?

2025 மார்ச் 31 வரை விற்றவர்களுக்கு, இந்திய நிறுவனப் பங்குகளில் 35 சதவீதத்துக்கு மேல் போகாத எல்லா ஃபண்டும் 50ஏஏ-வில் சேர்ந்தது, கோல்ட் ஃபண்டும் வெளிநாட்டுப் பங்கு ஃபண்டும் அப்படி மாட்டிக்கொண்டன. 2025 ஏப்ரல் 1 முதல் விற்பவற்றுக்கு, 65 சதவீதத்துக்கு மேல் கடன் பத்திரங்களிலும் பணச் சந்தைக் கருவிகளிலும் வைத்திருக்கும் ஃபண்டுக்கும், அப்படிப்பட்ட ஃபண்டில் 65 சதவீதமோ அதற்கு மேலோ போடும் ஃபண்டுக்கும் மட்டும்தான் இது. ஆகவே கோல்ட் ஃபண்ட் வெளியே வந்துவிட்டது. லிக்விட், கில்ட், கார்ப்பரேட் பாண்ட் எல்லாம் உள்ளே. கன்சர்வேடிவ் ஹைபிரிட் ஃபண்ட் கடன் பத்திரங்களில் 75 முதல் 90 சதவீதம் வைப்பதால் பெயரில் ஹைபிரிட் இருந்தாலும் அதுவும் உள்ளேதான்.

ஐடிஆர்-1 போதுமா? வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே தர்றாங்க?

போதாது. இந்த லாபம் 500 ரூபாயாக இருந்தாலும் ஐடிஆர்-2 (தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-3). இந்தியாவில் வசிப்பவர்களுக்கு யூனிட் விற்ற லாபத்தில் வரி பிடிப்பதில்லை, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்குத்தான் பிடித்துக் கொடுப்பார்கள். பிடிக்காததால் யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம், விற்ற தொகை, வருமான வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் ஏஐஎஸ் அறிக்கைக்கு வந்துவிடும். அதில் வாங்கிய விலை சில சமயம் காலியாக இருக்கும், அப்போது பதிவாளர் அறிக்கையில் இருப்பதையே படிவத்தில் போடுங்கள். வருடத்துக்கான மொத்த வரி, பிடித்தது போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால் முன்கூட்டியே தவணையாகவும் கட்ட வேண்டும். தொழில் வருமானம் இல்லாத, 60 வயதைத் தொட்டவர்களுக்கு அது தேவையில்லை. விற்பனை பிப்ரவரியில் நடந்தால் அதற்கான வரியை மார்ச் 15 தவணையில் கட்டினால் போதும், முந்தைய தவணைகளுக்கு வட்டி கேட்க மாட்டார்கள்.